திருத்தப்பட்ட குரல் யாருடைய குரல்? பழைய களப்பதிவுகளின் வேக அலைவைச் சரிசெய்வது குறித்து

நீண்ட பதிவு. ஒலியனியல், களமொழியியல், இசையியல் ஆய்வில் இருப்போர் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

பழைய கேசட்டுகளையும் ஸ்பூல் நாடாக்களையும் எண்மமாக்கும் பணி நம் ஆய்வுத்துறைகளில் இப்போது விரைந்து நடக்கிறது. அதனுடன் ஒரு வழக்கமும் வேரூன்றி வருகிறது. நாடாவின் வேகம் சீராக இல்லாததால் குரல் ஏறியிறங்கிக் கேட்டால், அந்தக் குரலையே பின்தொடர்ந்து அலைவை நீக்கும் மென்பொருளில் கோப்பை இட்டு, வெளிவரும் ‘சுத்தமான’ கோப்பை மட்டும் காப்பகத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பாட்டியின் பாடலைக் கேட்க விரும்பும் பேரனுக்கு இது போதும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குரலின் சுருதியே ஆய்வுப்பொருளாக இருக்கும் இடத்தில் அந்தக் கோப்பு தரவாகாது என்பது என் நிலைப்பாடு. அலைவைத் திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. திருத்தத்திற்கான அளவுகோல் குரலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் சிக்கல் எங்கே பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகர வேண்டும். அதை நகர்த்துவது கேப்ஸ்டன் என்னும் மெல்லிய எஃகுத் தண்டும், நாடாவை அதன்மேல் அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையும். தண்டு சற்றே மையம் விலகியிருந்தாலோ, ரப்பர் இறுகி ஓரிடத்தில் தட்டையாகிவிட்டாலோ, மோட்டாரின் பெல்ட் தளர்ந்திருந்தாலோ வேகம் கூடிக் குறைகிறது. வேகம் ஒரு விழுக்காடு கூடினால் கேட்கும் ஒலி அனைத்தின் அதிர்வெண்ணும் ஒரு விழுக்காடு கூடும். காலம் ஒரு விழுக்காடு சுருங்கும். இந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு ஓரிரு முறை நிகழ்ந்தால் குரல் ஊஞ்சலாடுவதுபோல் கேட்கும். இதை ‘வாவ்’ என்பர். நொடிக்குப் பத்து முறைக்கு மேல் நிகழ்ந்தால் ஊசலாட்டமாகத் தோன்றாது, குரல் நடுங்குவதாக அல்லது கரகரப்பதாகத் தோன்றும், இது ‘ஃப்ளட்டர்’. இடையில் கூர்மையான எல்லைக்கோடு இல்லை. மனிதச் செவி நொடிக்கு நான்கு முறை அளவிலான அலைவையே மிகுதியாக உணர்கிறது. அதனால்தான் டெக்குகளின் தரக்குறிப்பில் காணும் ‘வாவ் அண்ட் ஃப்ளட்டர்’ எண், அந்தப் பகுதிக்குக் கூடுதல் எடை கொடுத்து அளக்கப்படுகிறது. அந்த எண் செவிக்கு எவ்வளவு உறுத்தும் என்பதைச் சொல்லுமே தவிர, ஒலியனியல் அளவீட்டை எவ்வளவு கெடுக்கும் என்பதைச் சொல்லாது.

அலைவின் கால இடைவெளியே அதன் மூலத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது இத்துறையின் அழகான செய்தி. கணக்கு எளிது. ரப்பர் உருளையின் விட்டம் சுமார் 13 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 41 மில்லிமீட்டர். நாடா நொடிக்கு 47.6 மில்லிமீட்டர் நகர்வதால் உருளை நொடிக்கு 1.17 முறை சுழலும். ஆகவே உருளையில் ஒரு தட்டை இருந்தால் குரல் நொடிக்கு 1.17 முறை ஏறியிறங்கும். இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள கேப்ஸ்டன் தண்டு நொடிக்கு 7.6 முறை சுழலும். அதன் கோணல் அந்த இடைவெளியில் தோன்றும். நாடா சுற்றிச்சேரும் வட்டின் கதை வேறு. அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் தொடங்கும்போது அந்த வட்டு ஒரு சுற்றுக்கு ஒன்றரை நொடி எடுத்துக்கொள்ளும்; நாடா சேரச்சேர மெதுவாகிப் பக்கம் முடியும்போது மூன்று நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதனால் பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அலைவின் இடைவெளி மாறாமல் இருந்தால் உருளையையோ தண்டையோ சந்தேகிக்கலாம். மெல்ல நீண்டுகொண்டே போனால் வட்டிலோ கேசட் கூட்டின் உராய்விலோ குறை இருக்கிறது.

இனி ஒரு கேசட்டை எடுத்துக்கொள்வோம். நான் ஆய்வு செய்வது மிசோ மொழியின் தொனிகளை. உயர்தொனி, தாழ்தொனி, ஏறுதொனி, இறங்குதொனி என நான்கு தொனிகள் அம்மொழியில் சொற்பொருளை வேறுபடுத்துகின்றன. 1991இல் ஒரு வீட்டுக்குள், மின்னிணைப்பில் இயங்கிய கையடக்க ரெக்கார்டரில், முதிய பெண்மணி ஒருவர் சொற்பட்டியலைச் சொல்லிப் பதிவான அறுபது நிமிடக் கேசட் அது. ஒவ்வொரு சொல்லும் ஒரே வாக்கியச் சட்டகத்துக்குள் இருமுறை சொல்லப்பட்டிருக்கிறது. தலைமுறை மாற்றத்தைக் காண இத்தகைய பதிவுக்கு ஈடு இல்லை. அதை வைத்திருந்த ஒரு காப்பகம் எனக்கு முதலில் அனுப்பியது ‘செம்மைப்படுத்தப்பட்ட’ கோப்பை. கேட்பதற்கு வழுவழுப்பாக இருந்தது. எழுபது வயதைக் கடந்த ஒருவரின் குரல் இவ்வளவு நேர்கோடாக இருக்குமா என்ற ஐயத்தில்தான் மூல நாடாவைக் கேட்டு வாங்கினேன்.

மூலத்தை முதல்முறை ஓட்டி அடிப்படை அதிர்வெண்ணை வரைந்தபோது இரண்டு வகை அலைவுகள் தெரிந்தன. ஒன்று, நொடிக்கு 1.2 முறை அளவில், மேலும் கீழும் 2.5 விழுக்காடு. மற்றொன்று நொடிக்கு ஐந்து முறை அளவில், மேலும் கீழும் மூன்று விழுக்காடு. முதலாவது பெரிய விஷயமா என்று கேட்கலாம். 2.5 விழுக்காடு என்பது ஓர் அரைச்சுரத்தில் நாற்பத்து மூன்று நூற்றுக்கூறு. அது நொடிக்கு 1.17 முறை ஊசலாடும்போது, அதன் மிகச் சரிவான பகுதியில் நொடிக்கு மூன்று அரைச்சுரத்துக்கும் மேலான வேகத்தில் சுருதி ஏறும் அல்லது இறங்கும். ஓர் அசை 200 மில்லிநொடி நீள்வதாகக் கொண்டால், சமதளமாக ஒலித்த ஓர் உயர்தொனி, வரைபடத்தில் அரைச்சுரத்தின் அறுபது விழுக்காட்டுக்குச் சரிவதாகவோ ஏறுவதாகவோ தோன்றும். நூறு முறை சொல்லப்பட்ட சொல்லாக இருந்தால் இந்தப் பிழை சராசரியில் கரைந்துபோகும். இங்கோ ஒவ்வொரு சொல்லும் இருமுறைதான். ‘இம்மொழியில் முன்பு உயர்தொனி இறுதியில் சற்று இறங்கியது’ என்று ஓர் ஒலிமாற்ற வரலாற்றையே ஒரு தட்டையான ரப்பர் உருளையின்மேல் கட்டிவிட முடியும்.

இந்த இடத்தில் எல்லோரும் மென்பொருளை நோக்கி ஓடுகிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது: இந்த அலைவு நாடாவில் பதிந்திருக்கிறதா, அல்லது இன்று ஓட்டும் கருவியில் பிறக்கிறதா? கண்டறிய ஒரு செலவில்லாத சோதனை உண்டு. அதே பகுதியை இன்னொரு முறை, சற்று முன்னதாக வேறிடத்திலிருந்து தொடங்கி ஓட்டிப் பதிவுசெய்ய வேண்டும். இரு பதிவுகளின் சுருதிக் கோடுகளையும் சொல்லுக்குச் சொல் பொருத்தி வைத்துப் பார்க்க வேண்டும். பதிவின்போதே ஏற்பட்ட அலைவு இரண்டிலும் அதே அசையின்மேல் அமரும். ஓட்டும் கருவியின் அலைவு, உருளை வேறு நிலையிலிருந்து சுழலத் தொடங்கியதால், இடம் மாறி அமரும். எங்கள் கேசட்டில் 1.2 அலைவின் பெரும்பகுதி இடம் மாறியது. ஐந்து முறை அலைவு இம்மியும் நகரவில்லை.

அப்படியானால் பாதி வேலை திருப்புளியிடமும் பஞ்சிடமும் இருக்கிறது. நாடாவை ஒருமுறை கடைசிவரை முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றினோம். ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த சுற்றுகளின் இறுக்கம் இதனால் சமப்படும். கூடு வளைந்து உராய்ந்ததால் நாடாவைத் திருகாணிகள் உள்ள புதிய கூட்டுக்கு மாற்றினோம். ஓட்டும் டெக்கின் உருளையையும் தண்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தோம். உருளை பளபளத்து இறுகியிருந்ததால் அதையும் பெல்ட்டையும் மாற்றினோம். ஹெட்டின் சாய்வை இந்த நாடாவின் உச்ச அதிர்வெண்கள் தெளிவாக வரும்வரை சரிசெய்தோம். இது வேக அலைவைத் தீர்க்காது, ஆனால் பின்னால் வரும் அளவீடு எல்லாம் தெளிவான ஒலியை நம்பியிருக்கிறது. மறுபடி ஓட்டியபோது 2.5 விழுக்காடு 0.8 ஆகக் குறைந்திருந்தது. இந்த 0.8 இரு ஓட்டங்களிலும் அதே இடத்தில் நின்றது. ஆக, அது 1991இன் ரெக்கார்டருக்கு உரியது. கணினியால் திருத்த வேண்டியது இது மட்டுமே.

திருத்துவதற்கு, அந்த நாளில் மாறாத அதிர்வெண்ணுடன் ஒலித்து நாடாவில் பதிந்த ஏதேனும் ஒன்று வேண்டும். பெரும் இசை நிறுவனங்கள் பழைய ஸ்பூல் நாடாக்களில் தேடுவது பயாஸ் அலையை. பதிவின்போது நாடாவைக் காந்தமூட்ட உதவும் அந்த மிகையொலி அலை நூறு கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அதன் எச்சம் நாடாவில் தங்கியிருந்தால் சிறப்பு ஹெட்டால் வாசித்து வேகத்தின் ஒவ்வோர் அசைவையும் மீட்கலாம். நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் ஸ்பூலில் அந்த அலையின் நீளம் கிட்டத்தட்ட நான்கு மைக்ரான். கேசட்டில் அதுவே அரை மைக்ரானுக்கும் குறைவு. ஹெட்டின் இடைவெளியைவிடச் சிறியதை ஹெட்டால் வாசிக்க இயலாது. மலிவான கையடக்க ரெக்கார்டர்கள் பலவற்றில் பயாஸாக நேர்மின்னோட்டமே பயன்பட்டதால் அங்கு மீட்க அலையே இல்லை. ஆக, நம் களக் கேசட்டுகளுக்கு அவ்வழி மூடியிருக்கிறது.

நமக்கு எஞ்சியிருப்பது பொதுவாக ஒலிப்பொறியாளர் முதலில் வெட்டியெறியும் ஒன்று: மின்னிணைப்பின் ஹம். மின்கம்பியில் இயங்கிய ரெக்கார்டர் ஐம்பது ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் அதன் மடங்குகளான நூறு, நூற்றைம்பதையும் தானறியாமல் நாடாவில் எழுதி வைத்திருக்கிறது. நாடாவின் வேகம் அசையும்போது ஹம்மும் அதே விழுக்காட்டில் அசையும். பேசுபவரின் உணர்ச்சி, தொனி, வயது எதுவும் அதைத் தீண்டாது. எனவே எண்மமாக்கும்போதே ஹம்மை வடிகட்டிவிடும் வழக்கத்தைக் கைவிடுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். அது குப்பையன்று, நாடாவின் மணிக்கூடு.

அந்த மணிக்கூட்டை வாசிப்பதில் மூன்று கண்ணிகள் உள்ளன. முதலாவது, இன்று ஓட்டும் டெக்கும் கணினியும் தம் சொந்த ஹம்மைச் சேர்க்கும். அது நாடாவோடு அசையாது. அதைப் பின்பற்றினால் ‘அலைவே இல்லை’ என்ற பொய்யான விடை கிடைக்கும். நாடாவை நிறுத்திவைத்து அரை நிமிடம் பதிவுசெய்தால் கருவியின் ஹம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மடிக்கணினியை மின்கலத்தில் இயக்குவதும் புவியிணைப்பைச் சரிசெய்வதும் பெரும்பாலும் போதும். எங்கள் கேசட்டில் நீண்ட நேர நிறமாலையை எடுத்தபோது நூற்றைம்பதை ஒட்டி இரண்டு கோடுகள் தனித்தனியே தெரிந்தன. ஒன்று 150.0இல் ஊசி முனையாய் நின்றது. அது எங்கள் அறையுடையது. மற்றொன்று 154.8ஐ மையமாகக் கொண்டு அகன்று கிடந்தது. அது அந்த வீட்டினுடையது. புவியிணைப்பைச் சரிசெய்து மறுபடி ஓட்டியதில் முதல் கோடு மறைந்தது.

இரண்டாவது கண்ணி குரலே. ஐம்பது ஹெர்ட்ஸில் ஒரு விழுக்காடு என்பது அரை ஹெர்ட்ஸ், நூற்றைம்பதில் ஒன்றரை. மடங்கு உயர உயர அசைவு பெரிதாகித் தெளிவாகும். ஆனால் உயரத்தில் குரல் வந்து மோதும். இந்தப் பெண்மணியின் குரல் 165 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் இறங்கவில்லை. அதனால் நூற்றைம்பதின் ஹம் அவர் பேசும்போதும் தீண்டப்படாமல் கிடைத்தது. ஆண்குரலாக இருந்திருந்தால் ஹம்மின் இந்த மடங்குகள் குரலுக்குள் மூழ்கியிருக்கும். சொற்களுக்கு இடைப்பட்ட மௌனங்களில் மட்டும் அளந்து நடுவே இட்டுநிரப்ப வேண்டியிருந்திருக்கும். 1.2 முறை அலைவுக்கு அது ஓரளவு செல்லும். விரைவான நடுக்கத்துக்குச் செல்லாது.

மூன்றாவதுதான் நுட்பமானது. ஹம்மைத் தனியே பிரிக்க ஒரு குறுகிய வடிகட்டி தேவை. வடிகட்டியை மிகக் குறுக்கினால் வரும் கோடு அழகாக, நேராக இருக்கும். ஆனால் மையத்திலிருந்து இருபுறமும் இரண்டு ஹெர்ட்ஸ் மட்டும் விடும் வடிகட்டி, நொடிக்கு ஐந்து முறை நிகழும் அசைவைத் தன் இயல்பாலேயே அழித்துவிடும். பிறகு ‘ஹம்மில் ஐந்து முறை அலைவு இல்லை’ என்று சொல்வது கண்ணை மூடிக்கொண்டு இருள் என்பதைப் போன்றது. நாங்கள் இருபுறமும் பத்து ஹெர்ட்ஸ் விட்டோம். அதன் மேலும் ஒரு சரிபார்ப்பாக, நாடாப் பதிவின் ஒரு நகலில் ஐந்து முறை, ஒரு விழுக்காடு என்ற செயற்கை அலைவை நாங்களே புகுத்தி, எங்கள் முறை அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தோம். கண்டுபிடித்தது.

இப்போது விடை தெளிவாயிற்று. 1.2 முறை அலைவு ஹம்மிலும் இருந்தது, குரலிலும் அதே விழுக்காட்டில், அதே கணத்தில் இருந்தது. அது நாடாவுடையது. ஐந்து முறை அலைவு குரலில் மட்டும் இருந்தது. ஹம்மில் அதன் தடயமே இல்லை. உயிர்களின் ஃபார்மண்டுகளும் அதனோடு அசையவில்லை. வேகம் மாறினால் அடிப்படை அதிர்வெண், ஃபார்மண்ட், பின்னணியில் கூவும் சேவல் எல்லாம் ஒரே விழுக்காட்டில் சேர்ந்து அசைய வேண்டும். குரல்வளை மட்டும் நடுங்கினால் அடிப்படை அதிர்வெண் மட்டுமே அசையும். ஆக, அந்த ஐந்து முறை நடுக்கம் அந்தப் பெண்மணியின் முதுமை. முதியோர் குரல் நடுக்கம் நொடிக்கு நான்கு முதல் ஏழு முறை வரையில் நிகழ்வது இயல்பு. செவி மிக உறுத்தலாக உணரும் வேக அலைவின் பகுதியும் அதுவே. குரலைப் பின்தொடரும் மென்பொருளுக்கு இவ்விரண்டையும் பிரித்தறிய எந்த வழியும் இல்லை. காப்பகம் அனுப்பிய கோப்பில் நடுக்கம் நீங்கியிருந்ததோடு இறங்குதொனிகளின் சரிவும் மூலத்தைவிடக் குறைந்திருந்தது. நேராக்குவதையே வேலையாகக் கொண்ட கருவி, மொழி வேண்டுமென்றே வளைத்ததையும் சேர்த்தே நேராக்கியிருக்கிறது.

இசையியல் நண்பர்கள் இதை உடனே உணர்வார்கள். தர்பாரி கானடாவில் கோமல் காந்தாரத்தின் ஆந்தோலனம் மெதுவாக அசைவது. அதை ஒரு வாவ் என்று தவறாக எடுத்துக்கொள்ளும் கருவியிடம் ராகத்தை ஒப்படைக்கலாகாது. ஆனால் அங்கே தம்பூரா இருக்கிறது. 2011இல் வெளிவந்த செலமனி நிறுவனத்தின் கேப்ஸ்டன் போன்ற மென்பொருள்கள் இசையின் சுரங்களிலிருந்தே வேகத்தைக் கணிப்பவை. பியானோ போன்ற நிலைச்சுரக் கருவிகளில் அம்முறை அருமையாக வேலை செய்யும், ஏனெனில் பியானோவின் சுரம் தானாக அசையாது. நம் கச்சேரிப் பதிவுகளில் பாடகரை விட்டுவிட்டுத் தம்பூராவை மட்டும் பின்தொடரச் செய்தால் கமகம் பிழைக்கும். தத்துவம் ஒன்றே: தானாக அசையாது என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் அளவுகோலாக்க வேண்டும்.

திருத்தத்தின் கணக்கு மிகச் சிறியது. ஹம்மின் நொடிக்கு நொடி அதிர்வெண்ணை அதன் சராசரியால் வகுத்தால், அக்கணத்தில் நாடா எவ்வளவு விரைந்தது என்ற விகிதம் கிடைக்கிறது. அந்த விகிதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உண்மைக் காலம் கிடைக்கும். பிறகு ஒலியை உண்மைக் காலத்தின் சம இடைவெளிகளில் மறுபடி மாதிரியெடுக்க வேண்டும்.

```
r = f_hum / f_hum.mean()
T = np.cumsum(r) / fs
t = np.interp(np.arange(0, T[-1], 1/fs), T, np.arange(len(r)) / fs)
```

கடைசி வரி தருவது, மூலக் கோப்பில் எந்தக் கணங்களில் ஒலியை எடுக்க வேண்டும் என்பதை மட்டும். ஒலியை எடுக்க நேர்கோட்டு இடைச்செருகலைப் பயன்படுத்தாதீர்கள், உயர் அதிர்வெண்கள் மங்கும். சிங்க் முறை வேண்டும். காலத்தை அப்படியே வைத்துச் சுருதியை மட்டும் மாற்றும் கருவிகளும் இங்கு ஆகாது. நாடா விரைந்தபோது சுருதி ஏறியதோடு உயிரின் நீளமும் குறைந்தது. இரண்டையும் ஒருசேரத் திருப்பினால்தான் அது திருத்தம். எங்கள் கேசட்டில் இதைச் செய்தபின் 0.8 விழுக்காடு 0.1க்கும் கீழே இறங்கியது. ஐந்து முறை நடுக்கம் மாற்றமின்றி அப்படியே இருந்தது.

ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். மேலே சராசரியால் வகுத்தோம், ஐம்பதால் வகுக்கவில்லை. ஹம்மின் சராசரி 51.6 ஹெர்ட்ஸ் என வந்தது. ‘இந்தியாவில் மின்சாரம் ஐம்பது ஹெர்ட்ஸ், ஆகவே நாடா 3.2 விழுக்காடு வேகமாக ஓடுகிறது’ என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். அது 1991இன் இந்தியாவுக்குப் பொருந்தாது. இன்றைய மின்தொகுப்பு ஐம்பதை மிக நெருங்கியே நிற்கிறது. ஆனால் 2002, 2003இல் அதிர்வெண் விலகலுக்கு விலைவைக்கும் கட்டணமுறை வருவதற்கு முன் நம் வட்டார மின்தொகுப்புகளின் அதிர்வெண் 48ஐ ஒட்டியும் 51ஐ ஒட்டியும் அலைந்தது. அன்று மாலை அந்த வீட்டில் அது எவ்வளவு என்பதை இனி யாராலும் அறிய முடியாது. ஆகவே நாடாவின் விரைவு 1.2 விழுக்காட்டிலிருந்து 7.5 விழுக்காடு வரை எதுவாகவும் இருக்கலாம். 200 ஹெர்ட்ஸாகத் தோன்றும் குரல் 198 ஆகவும் இருந்திருக்கலாம், 186 ஆகவும் இருந்திருக்கலாம். மின்தொகுப்பின் அலைச்சல் நிமிடக் கணக்கில் மெதுவாக நிகழ்வது, அதனால் 1.2 முறை அலைவைத் திருத்த ஹம்மை நம்பலாம், முழுமையான சுருதிக்கு நம்பலாகாது. அந்த வீட்டு மின்சாரம் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வந்திருந்தால் இந்த முதல் நம்பிக்கையும் ஆட்டம் காணும், ஏனெனில் எஞ்சினே நொடிக்கு நொடி அசையக்கூடியது. எங்கள் பதிவில் குரலும் ஹம்மும் ஒரே விழுக்காட்டில் அசைந்ததால் அந்த ஐயம் நீங்கியது.

நல்வாய்ப்பாக, தொனி ஆய்வுக்கு முழுமையான சுருதி தேவையில்லை. மாறாத வேகப்பிழை எல்லா அதிர்வெண்களையும் ஒரே விகிதத்தில் பெருக்கும். பேசுபவரின் சராசரியிலிருந்து அரைச்சுரங்களில் அளந்தால் அந்த விகிதம் கழிந்துபோகும். எனவே இத்தகைய நாடாக்களிலிருந்து வரும் சுருதியை ஹெர்ட்ஸில் அட்டவணையிடும் ஆய்வேடுகளை நான் ஐயத்துடனே வாசிக்கிறேன். உயிர்களின் ஃபார்மண்டுகளுக்கு இந்தத் தப்பிக்கும் வழி அவ்வளவு எளிதில் இல்லை. ஏழு விழுக்காடு என்பது ஈ, ஏ ஆகிய உயிர்களின் இடத்தையே நகர்த்தவல்லது. அங்கே இந்த ஒரு கேசட்டை மட்டும் வைத்து, ‘முன்பு உயிர்கள் இன்னும் முன்னே ஒலித்தன’ என்று எழுதக்கூடாது.

என்மேல் வைக்கப்படும் எதிர்வாதம் நேர்மையானது. அதைக் கடந்துபோக விரும்பவில்லை. ‘இவ்வளவு வேலையை ஒவ்வொரு கேசட்டுக்கும் செய்தால் நாடாக்கள் அழிந்து முடிந்த பிறகும் வேலை முடியாது’ என்கிறார்கள். உண்மைதான். ஆனால் நான் கேட்பது ஒவ்வொன்றையும் திருத்துவதையன்று. எதையும் திருத்தாமல், ஹம்மோடு, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கோப்பாக ஓட்டி வைத்துவிடுங்கள். மூலத்தைத் திருத்தாமல் காக்க வேண்டும் என்பது பன்னாட்டு ஒலிக்காப்பக அமைப்பான ஐயாசாவின் வழிகாட்டியும் சொல்வதுதான். ஒவ்வொரு பக்கத்தின் முதல் ஐந்து நிமிடத்தையாவது இருமுறை ஓட்டுங்கள். கூடுதல் செலவு ஐந்து நிமிடம். நாடா நின்றிருக்கும் அரை நிமிடத்தையும் சேர்த்து வையுங்கள். எந்த டெக்கில் ஓட்டினீர்கள், உருளை எப்போது மாற்றப்பட்டது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். இவை இருந்தால் நாளை தேவைப்படும் ஆய்வாளர் தானே திருத்திக்கொள்வார். கேட்பதற்கான செம்மைப் பிரதியை ஊராருக்குக் கொடுங்கள். அதற்கு வேறு கோப்புப்பெயர் இருக்கட்டும். திருத்தம் செய்தவர் அந்த விகிதக் கோட்டையும் ஓர் எளிய உரைக்கோப்பாக உடன் வைத்தால், பின்வருபவர் அதைத் தலைகீழாக்கி மூலத்துக்கே திரும்ப முடியும். குரலைப் பின்தொடர்ந்து திருத்திய கோப்பை மட்டும் வைத்துவிட்டு நாடாவைக் கைவிட்டால் இவற்றில் எதுவும் இயலாது.

மின்கலத்தில் இயங்கிய ரெக்கார்டரின் பதிவுகளைப் பற்றிப் பலர் கேட்பீர்கள். அவற்றில் ஹம் இருக்காது. மின்கலம் தேயத்தேய நாடா மெதுவாக ஓடிப் பதிவாகியிருக்கும், இன்று ஓட்டினால் பக்கம் செல்லச்செல்லக் குரல் உயர்ந்துகொண்டே போகும். அங்கே செய்யக்கூடியது குறைவு. கேசட்டின் நடுவில் எங்காவது கோயில் மணியோ, வானொலியின் நேரக்குறி ஒலியோ இருமுறை பதிவாகியிருந்தால் அந்த இரு புள்ளிகளுக்கிடையே வேகம் எவ்வளவு நகர்ந்தது என்று கணிக்கலாம். அதுவும் இல்லையென்றால் அந்தப் பதிவைச் சொற்பட்டியலாக, கதையாக, வாக்கிய அமைப்பாகப் பயன்படுத்துங்கள். சுருதிக்கோடு வரையாதீர்கள். உங்கள் காப்பகங்களில் மின்கலப் பதிவா, மின்னிணைப்புப் பதிவா என்ற குறிப்பு அட்டையில் இருக்கிறதா? இருப்பவர்கள் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். குறைந்தது வடகிழக்கு மொழிகளின் நாடாக்களுக்கு ஒரு பட்டியலையாவது தொகுக்கத் தொடங்கலாம்.